ரசீது எண் 30: நூற்றியொன்றா, எழுநூற்றியொன்றா?

தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். அங்குள்ள கோயிலில் 1987இல் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு நன்கொடை தந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்று இப்போதைய கமிட்டி முடிவு செய்தது. ஆனால் அன்றைக்கு எழுதிய வரவு நோட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. பழைய பொருளாளர் வீட்டு மரப்பெட்டியிலிருந்து ரசீது புத்தகங்கள் மட்டும் கிடைத்தன. ஓர் எண்ணுக்கு இரண்டு தாள் வைத்து அடித்த புத்தகங்கள் அவை. மேல்தாளைக் கிழித்து நன்கொடை தந்தவரிடம் கொடுத்துவிடுவார்கள். கீழ்த்தாளில் கார்பன் நகல் தங்கிவிடும். கையில் இருந்தது அந்த நகல்கள்தான். முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பெட்டிக்குள் கிடந்தவை.

ஒரு புத்தகத்தின் 30ஆம் ரசீதில்தான் சிக்கல் வந்தது. பெயர் ஓரளவு தெரிகிறது. தொகை 101/- என்றும் படிக்கலாம், 701/- என்றும் படிக்கலாம். அந்தப் பெயருக்குரியவரின் பேரன் கமிட்டியில் இருக்கிறார். “எங்க தாத்தா எழுநூத்தி ஒண்ணு குடுத்தாருன்னு வீட்ல சொல்லித்தான் கேள்விப்பட்டிருக்கோம் அண்ணாச்சி” என்றார் செயலாளரிடம். செயலாளர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். “ஏழு மாதிரிதான்யா இருக்கு. ஆனா ஒண்ணு இல்லைன்னும் சொல்ல முடியல” என்று புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

பழைய பத்திரங்களையும் கணக்குகளையும் படித்துக் கொடுப்பது என் வேலை. டூப்ளிகேட் ரசீது புத்தகம் படிப்பது அதில் தனி ரகம். ஓலையிலோ பத்திரத்திலோ எழுத்து புரியாமல் போனால், பெரும்பாலும் அந்த எழுத்தின் வடிவம்தான் காரணம். ரசீது நகலில் அப்படியல்ல. அந்தத் தாளில் தெரியும் கோடுகள் எல்லாம் அந்த ரசீதுக்குச் சொந்தமானவை என்றே சொல்ல முடியாது. தாளுக்குச் சொந்தமான எழுத்து மங்கிக் கிடக்கும். பக்கத்துத் தாளின் எழுத்தும் பின்பக்கத்து மையும் அதன்மேல் ஏறி நிற்கும். ஆகவே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அன்னியக் கோடுகள் வரும் வழிகளில் முதலாவது, பலரும் கவனிக்காதது. நகல் தாள்கள் மிக மெல்லியவை. மேல்தாள்களைக் கிழித்தெடுத்த பிறகு, 30ஆம் நகலுக்கு நேர் கீழே 31ஆம் நகல் படிந்து கிடக்கும். மெல்லிய தாளின் வழியே கீழே இருக்கும் எழுத்து மேலே தெரியும். அது தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியாது, நேராகவே தெரியும். அதோடு ரசீதின் அச்சுக் கட்டங்கள் எல்லாத் தாளிலும் ஒரே இடத்தில் இருப்பதால், 31ஆம் ரசீதின் தொகை 30ஆம் ரசீதின் தொகைக் கட்டத்துக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைப் பார்ப்பவருக்கு அது அந்த ரசீதின் மங்கிய எழுத்து என்றே தோன்றும். இதற்கு மருந்து சுலபமானது. படிக்கும் தாளுக்கு அடியில் ஒரு தடித்த வெற்றுத்தாளைச் செருகினால் கீழ்த்தாளின் எழுத்து மறைந்துவிடும். புத்தகத்தைத் தைத்த நிலையிலேயே இதைச் செய்யலாம். தாளைப் பிய்த்தெடுக்க வேண்டியதில்லை, எடுக்கவும் கூடாது. எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள் என்பதே பின்னால் சாட்சியாக உதவும்.

இரண்டாவது, அதே தாளின் பின்பக்கத்தில் எழுதியது. காகிதம் வீணாகக்கூடாது என்ற பழக்கத்தில், வசூல் செய்தவர்கள் நகலின் பின்பக்கத்தில் கூட்டல் கணக்குப் போட்டிருப்பார்கள். இது முன்பக்கத்தில் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரியும். இதிலும் இரண்டு நிலைகள் உண்டு. மை பின்பக்கத்திலேயே நின்று, தாள் மெல்லியதாக இருப்பதால் மட்டும் நிழலாகத் தெரிவது ஒன்று. மை காகிதத்தின் நாருக்குள் இறங்கி முன்பக்கம் வரை ஊறிவிடுவது மற்றொன்று. அடியில் வைக்கும் வெற்றுத்தாள் கறுப்பாக இருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். நிழலாகத் தெரியும் எழுத்து கறுப்புத்தாளின்மேல் வைத்ததும் பெருமளவு மறைந்துவிடும். வெள்ளைத்தாள் வைத்தால், தாளை ஊடுருவிய வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி வந்து, பின்பக்கத்து எழுத்தையும் நம் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது. கறுப்புத்தாள் அந்த வெளிச்சத்தை விழுங்கிக்கொள்கிறது. ஆனால் ஊறிய மை போகாது. அது முன்பக்கத்திலேயே இருக்கிறது. ஆவணங்களை ஸ்கேன் செய்பவர்கள் கறுப்பு அட்டை வைத்திருப்பது இதற்காகத்தான். வீட்டில் செய்பவர்களுக்குக் கடையில் கிடைக்கும் கறுப்பு சார்ட் அட்டையே போதும். ஒரு குறை மட்டும் உண்டு. தாளே சற்று இருண்டு தெரியும். அதைப் பிறகு படத்தில் வெளிச்சம் கூட்டிச் சரி செய்துகொள்ளலாம்.

மூன்றாவது, கார்பன் செய்யும் வேலை. ரசீது எழுதும்போது இரண்டு தாளுக்கு நடுவே கார்பனையும், நகலுக்கு அடியில் ஓர் அட்டையையும் வைக்க வேண்டும். அட்டை வைக்க மறந்தால், பேனாவின் அழுத்தம் அடுத்த எண்ணின் தாள்களிலும் பள்ளம் போடும். கார்பன் தவறுதலாக ஒரு தாள் தள்ளிக் கிடந்தால், 29இன் எழுத்து 30ஆம் நகலில் மெல்லிய நிழலாக விழும். இது போக, கார்பன் தாளில் இருப்பது மெழுகும் எண்ணெயும் கலந்த பூச்சு. புத்தகம் வருஷக்கணக்கில் பாரத்துக்கு அடியில் கிடந்தால், ஒரு நகலின் எழுத்து அதன்மேல் படிந்திருக்கும் முந்தைய நகலின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். எனவே ஒரு கோட்டில் சந்தேகம் வந்தால் முந்தைய ரசீதையும் பிந்தைய ரசீதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே தீர வேண்டும். அந்தக் கோடு அங்கே அதே இடத்தில், அதே வடிவத்தில் இருந்தால் அது இந்த ரசீதுடையது அல்ல.

எழுத்து ஏன் மங்குகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும். கறுப்புக் கார்பனில் நிறம் தருவது பெரும்பாலும் புகைக்கரி. கரி வெளுக்காது. ஆகவே கறுப்புக் கார்பன் நகல் மங்கலாக இருந்தால், அது பெரும்பாலும் எழுதிய அன்றைக்கே மங்கல்தான். ஒரே கார்பனைத் தேயத்தேயப் பயன்படுத்தியிருப்பார்கள். பேனாவை அழுத்தியிருக்க மாட்டார்கள். நீலக் கார்பனும் ஊதாக் கார்பனும் வேறு ஜாதி. அவற்றில் சாயம் இருக்கிறது, வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும். பெட்டியில் கிடந்த புத்தகத்தில் நடுத்தாள்கள் நன்றாக இருந்து, வெளியே நீட்டிய ஓரங்கள் மட்டும் வெளுத்திருந்தால் அது சாயத்தின் வேலை என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது புழங்கும் கார்பன் வைக்காத பில் புத்தகம் மூன்றாவது வகை. அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனம் 1950களில் கொண்டுவந்த முறை அது. மேல்தாளின் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களில் நிறமற்ற சாயம் இருக்கும். பேனா அழுத்தியதும் குமிழ் உடைந்து, கீழ்த்தாளின் பூச்சோடு சேர்ந்து அங்கேயே நிறம் உண்டாகும். இது மூன்றிலும் பலவீனமானது. வெயிலில் வெளுக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு வைத்தாலும், அந்த பிளாஸ்டிக்கை இளக்கக் கலந்த எண்ணெய்ப்பொருள் எழுத்தை அழித்துவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று பலர் செய்வது அதுதான். அப்படிப்பட்ட ரசீது உங்கள் வீட்டில் இருந்தால் காகித உறைக்கு மாற்றி, இன்றே ஒரு படம் எடுத்து வையுங்கள்.

கோயில் புத்தகத்தில் இருந்தது கறுப்புக் கார்பன். அதுவும் தேய்ந்த கார்பன். 30ஆம் நகலின் பின்பக்கத்தைத் திருப்பினால் நீல மைப்பேனாவால் போட்ட ஒரு கூட்டல். ரசீது எழுதியது பால்பாயின்ட் பேனாவில், ஏனென்றால் அழுத்தாமல் கார்பன் விழாது. வீட்டில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தது மைப்பேனாவில். பால்பாயின்ட் மை பசைபோல இருப்பதால் அவ்வளவாக ஊறாது. மைப்பேனாவின் மை தண்ணீராக இருப்பதால், நகலுக்குப் போடும் மலிவான தாளில் நன்றாக இறங்கிவிடும். இந்தப் பக்கத்தில் அது இறங்கியிருந்தது. கறுப்பு அட்டையை அடியில் வைத்தேன். பின்பக்கத்து எண்கள் பாதிக்குமேல் மறைந்தன. ஆனால் அழுத்தி இழுத்த கோடுகள் சில முன்பக்கத்தில் அப்படியே நின்றன. தொகைக் கட்டத்தில் தெரிந்த ஏழின் தலைக்கோடும் நின்றது. ஆக, அது ஊறி வந்ததாகவும் இருக்கலாம், கார்பனாகவும் இருக்கலாம்.

அடுத்தது ஸ்கேன். இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. கைப்பேசியில் இருக்கும் ஸ்கேன் செயலிகள் பளிச்சென்று காட்டுவதற்காகப் படத்தைத் தாமாகவே கறுப்பு வெள்ளையாக மாற்றிவிடும். அந்த மாற்றத்தில் ஒவ்வொரு புள்ளியும் எழுத்தா வெற்றிடமா என்று ஒரேயடியாகத் தீர்மானிக்கப்படுகிறது. மங்கிய கார்பன் வெற்றிடமாகிவிடும். ஊறிய நீல மை கறுப்பு எழுத்தாகிவிடும். நமக்கு வேண்டியது போய், வேண்டாதது நிலைத்துவிடும். ஆகையால் எந்த வடிகட்டியும் போடாமல், முழு வண்ணத்தில் எடுக்க வேண்டும். ஸ்கேனரில் என்றால் 600 டிபிஐ. கைப்பேசியில் என்றால் ஃபிளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், தாளுக்கு நேர் மேலே பிடித்து எடுக்கலாம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுத்து, அந்தப் படங்களை ஒருபோதும் திருத்தாமல் தனியே வைத்துவிட வேண்டும். எல்லா வேலையும் பிரதியில்தான்.

வண்ணப் படம் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கணினியில் இருக்கும் வண்ணப் படம் உண்மையில் மூன்று படங்களின் அடுக்கு. சிவப்பு வெளிச்சத்தில் தாள் எப்படித் தெரிகிறது என்பது ஒன்று, பச்சையில் ஒன்று, நீலத்தில் ஒன்று. நீல மை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கும், நீல வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். அதனால் சிவப்புப் படத்தில் அது கருமையாகவும், நீலப் படத்தில் ஏறக்குறைய தாளின் நிறமாகவும் தெரியும். கறுப்புக் கார்பன் மூன்று வெளிச்சத்தையும் விழுங்குவதால் மூன்று படத்திலும் இருக்கும். ஆக, நீல மை ஊறிய தாளில் கறுப்புக் கார்பனைத் தேடுபவர் நீலப் படத்தைப் பார்க்க வேண்டும். நகல் நீலக் கார்பனாக இருந்தால் கணக்கு மாறிவிடும். அப்போது மங்கிய எழுத்தைத் தூக்கிக் காட்டுவது சிவப்புப் படம். சிவப்பில் அச்சடித்த கட்டங்களும் அதில் மறைந்துபோவது கூடுதல் லாபம். ஊதாக் கார்பனுக்குப் பெரும்பாலும் பச்சை.

இதற்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. GIMP என்ற இலவச மென்பொருளில் படத்தைத் திறந்து, `Colors → Components → Decompose` என்பதற்குப் போய் `RGB` என்று தேர்ந்தெடுத்தால் மூன்று படங்களும் தனித்தனி அடுக்காக வந்துவிடும். ஒவ்வொன்றாக மறைத்துக் காட்டிப் பார்க்கலாம்.

30ஆம் ரசீதின் சிவப்புப் படத்தில் தொகை சந்தேகமே இல்லாமல் 701. செயலாளரும் பேரனும் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். “நான் சொன்னேன்ல” என்றார் பேரன். நீலப் படத்துக்கு மாறினேன். பழுப்பேறிய தாள் நீல வெளிச்சத்தில் இருண்டு தெரியும் என்பதால் படம் முழுக்க மங்கலாக வந்தது. வெளிச்சத்தையும் அடர்த்தியையும் கொஞ்சம் கூட்டியதும் எழுத்து எழுந்தது. முதல் இலக்கத்தின் தண்டு இருந்தது. தலைக்கோடு இல்லை. பக்கத்தில் இருந்த சுழியும் கடைசி ஒன்றும் இரண்டு படத்திலும் மாறாமல் இருந்தன.

அப்படியானால் அந்தக் கோடு எது? பின்பக்கப் படத்தை எடுத்து `Layer → Transform → Flip Horizontally` கொடுத்து இடவலம் மாற்றி, முன்பக்கத்தின்மேல் அடுக்கினேன். அச்சுக் கட்டம் பின்பக்கத்திலும் நிழலாகத் தெரிந்ததால் அதை வைத்து இரண்டையும் பொருத்த முடிந்தது. கூட்டல் தொகைக்கு மேலே, கணக்கு முடிந்தது என்று காட்ட எல்லாரும் இழுப்பார்களே, அந்தப் படுக்கைக் கோடுதான் அது. பின்பக்கத்தில் வலது ஓரத்தில் இருந்த கோடு, முன்பக்கத்தில் இடது ஓரத்துக்கு வந்திருந்தது. அச்சடித்த ‘ரூ.’ என்ற எழுத்தின் ஊடே ஓடியதால் அதன் பெரும்பகுதி கண்ணில் படவில்லை. அங்கிருந்து நீண்டு, முதல் இலக்கத்தின் தலையில் வந்து நின்றிருந்தது. ஏழின் தலைக்கோடும் தண்டுக்கு இடப்பக்கம்தானே நீளும்! ஒரு பாகம் தள்ளி நின்றிருந்தால் யாருக்கும் ஏழு என்று தோன்றியிருக்காது.

இப்படி இரண்டு பக்கத்தையும் அடுக்கிவிட்ட பிறகு, ஊறிய எழுத்தைக் கழித்துவிடவும் வழி உண்டு. மேலே இருக்கும் பின்பக்க அடுக்கின் `Mode` என்பதை `Divide` என்று வைத்து, `Opacity` அளவை 20, 30 என்று சிறுகச்சிறுக மாற்றினால், பின்பக்கத்தில் எங்கெல்லாம் எழுத்து இருக்கிறதோ அங்கெல்லாம் முன்பக்கம் வெளுக்கும். சரியான அளவு கிடைக்கும்போது ஊறிய எழுத்து தாளோடு கலந்துவிடும். ஆனால் இந்த முறையை நான் கடைசியாகத்தான் தொடுவேன். பின்பக்கத்துக் கோடும் முன்பக்கத்துக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டுமே சேர்ந்து வெளுத்துவிடும். ஒரு 8 அங்கே 3 ஆகிவிடலாம். மை எல்லா இடத்திலும் ஒரே அளவில் ஊறுவதும் இல்லை. ஒரு பக்கம் சரியாகக் கழிந்தால் இன்னொரு பக்கம் வெள்ளைக் கோடாக அரித்துவிடும். கழித்த படத்தைப் பெயர்களை ஓட்டமாகப் படித்துக்கொள்ளப் பயன்படுத்தலாம். ஒரு தொகையைத் தீர்மானிக்க அதை மட்டும் நம்பக் கூடாது.

வண்ணத்தைச் சாராத இன்னொரு சாட்சி பள்ளம். பால்பாயின்ட் முனை மேல்தாளையும் கார்பனையும் தாண்டி நகலிலும் பள்ளம் போட்டிருக்கும். கார்பன் தேய்ந்து நிறமே விழாத இடத்திலும் பள்ளம் இருக்கும். மைப்பேனா அழுத்தாமல் ஓடுவதால் அதற்குப் பள்ளம் அநேகமாக இராது. அறையை இருட்டாக்கி, ஒரு சிறு டார்ச்சைத் தாளின் மட்டத்துக்கே தாழ்த்தி, பக்கவாட்டில் அடித்தால் பள்ளங்கள் நிழலோடு தெரியும். ஒரே திசையில் அடித்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. வெளிச்சம் வரும் திசைக்கு இணையான பள்ளம் நிழல் போடாது. இடதிலிருந்து அடித்தால் நின்ற கோடு தெரியும், படுத்த கோடு ஒளிந்துகொள்ளும். அதனால் கீழிருந்தும் மேலிருந்தும் அடித்துப் பார்க்க வேண்டும். நான் பார்த்தபோது தண்டின் பள்ளம் தெளிவாக இருந்தது. தலைக்கோட்டின் இடத்தில் எந்தத் திசையிலிருந்து அடித்தும் பள்ளம் இல்லை. கட்டத்துக்குச் சற்று மேலே வேறொரு மெல்லிய பள்ளம் இருந்தது. அது 29ஆம் ரசீதின் தொகை. அட்டை வைக்க மறந்திருக்கிறார்கள்.

பள்ளத்தைப் பார்க்கப் பென்சிலால் தேய்ப்பது சினிமாவில் வரும் வழி. அசல் தாளில் அதைச் செய்யாதீர்கள். பென்சில் பள்ளத்தை நசுக்கும், கரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. ஈரத்துணி வைத்துச் சுருக்கம் எடுப்பது, இஸ்திரி போடுவது இரண்டும் இதே போலத்தான். ஈரம் பட்டால் பள்ளம் எழும்பி மட்டமாகிவிடும், சூடு பட்டால் கார்பனின் மெழுகு உருகிப் பரவும். வழக்கு என்று போகக்கூடிய ஆவணமாக இருந்தால் தடய அறிவியல் ஆய்வகங்களில் நிலைமின்சாரத்தால் பள்ளத்தை வெளிக்கொண்டுவரும் கருவி இருக்கிறது. நாம் செய்யும் கைவைத்தியம் அந்த வாய்ப்பையும் கெடுத்துவிடும்.

நிறமும் பள்ளமும் சொன்ன பிறகும், கணக்கிடம் கேட்காமல் நான் முடிவு சொல்வதில்லை. ரசீது புத்தகத்துக்குள் ஒவ்வொரு தாளும் மற்றத் தாளோடு பிணைந்திருக்கிறது. எண்கள் அச்சில் வரிசையாக ஓடுகின்றன. தேதி பின்னோக்கிப் போகாது. தொகை இலக்கத்தில் ஒரு முறை, எழுத்தில் ஒரு முறை வருகிறது. 30ஆம் ரசீதில் எழுத்தால் எழுதிய வரி மிகவும் மங்கல். ‘ஒன்று’ என்ற முடிவு மட்டும் படிந்தது. அதற்கு முன் இருந்த இடைவெளி ‘நூற்றி’ என்பதற்குப் போதுமானதாகவும், ‘எழுநூற்றி’ என்பதற்கு நெருக்கமாகவும் தெரிந்தது. இதை வைத்து முடிவு செய்ய முடியாது, குறித்து மட்டும் வைத்தேன்.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் நல்ல கணக்காளி. பத்து ரசீதுக்கு ஒரு முறை, பத்தாவது நகலின் பின்பக்கத்தில் அந்தப் பத்தின் கூட்டுத்தொகையைப் போட்டிருந்தார். குழப்பத்தை உண்டாக்கிய நீல மை அதுதான், தீர்த்துவைத்ததும் அதுதான். 30ஆம் நகலின் முதுகில் 1,094 என்று இருந்தது. 21 முதல் 29 வரை உள்ள ஒன்பது நகல்களும் நன்றாகப் படிந்தன. 51, 101, 25, 101, 51, 501, 51, 101, 11. கூட்டினால் 993. 1,094இல் 993 போக மிச்சம் 101.

ஆனால் கூட்டியவர் தவறியிருந்தால்? அதற்காகத்தான் எல்லாத் தொகையும் தெளிவாக இருந்த மற்றப் பத்துகளை முதலில் கூட்டிப் பார்த்தேன். முதல் பத்து 842, இரண்டாம் பத்து 1,215, நான்காம் பத்து 768. மூன்றும் அவர் போட்டபடியே வந்தன. ஐந்தாம் பத்துக்கு அவர் போட்டது 931. புத்தகத்தின் மேல் அட்டையில் வேறொரு கையெழுத்தில், அநேகமாகப் பொருளாளருடையதாக இருக்கலாம், மொத்தம் 4,850 என்று இருந்தது. ஐந்து கூட்டுத்தொகையும் சேர்ந்தால் அதேதான். 30ஆம் ரசீது 701 என்றால் புத்தகம் 5,450 வந்திருக்க வேண்டும். அறுநூறு ரூபாய் வித்தியாசத்தைப் பொருளாளர் விட்டிருக்க மாட்டார்.

பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப வீட்ல சொன்னது?” என்று கேட்டார். அதற்கு இந்தப் புத்தகத்தில் பதில் இல்லை. தாத்தா வேறு புத்தகத்திலும் ரசீது வாங்கியிருக்கலாம், அன்னதானத்துக்கென்று தனியாகவும் கொடுத்திருக்கலாம். மற்றப் புத்தகங்களைப் படிக்கும்போது அவர் பெயரைத் தனியே தேடுகிறேன் என்று சொன்னேன். வீட்டில் அந்த மேல்தாள் எங்காவது இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். மேல்தாளில் இருப்பது நேரடி எழுத்து. நகலைவிட அதற்கு மதிப்பு அதிகம். கார்பனைத் தலைகீழாக வைத்து எழுதியிருந்தால் அல்லது இருபக்கக் கார்பன் வைத்திருந்தால், மேல்தாளின் முதுகிலும் அதே எழுத்து இடவலம் மாறிப் பதிந்திருக்கும். மேலே மை அழிந்து போயிருந்தாலும் முதுகைக் கண்ணாடியில் காட்டிப் படித்துவிடலாம்.

படித்ததை எப்படி எழுதிவைப்பது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். கமிட்டிக்குக் கொடுத்த பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அது எப்படிக் கிடைத்தது என்று ஒரு பத்தி வைத்தேன். கண்ணால் நேராகப் படித்தவை ஒரு வகை. படத்தில் நிறம் பிரித்தோ பள்ளம் பார்த்தோ படித்தவை ஒரு வகை. கூட்டுத்தொகையில் கழித்துப் பெற்றவை ஒரு வகை. 30க்கு எதிரே ‘நீலப் படம், பள்ளம், கூட்டல், மூன்றும் 101’ என்று இருக்கிறது. நாளைக்கு வேறொருவர் புத்தகத்தைத் திறந்தால் எதை மறுபடி சோதிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

கழித்தல் கணக்கு ஒரு பத்தில் ஒரு தாள் மட்டும் மங்கியிருந்தால்தான் செல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு தாள் மங்கியிருந்தால் இரண்டின் கூட்டுத்தொகை மட்டும்தான் கிடைக்கும். 152 மிச்சம் என்றால் 101உம் 51உம் என்று ஊகிக்கத் தோன்றும். நன்கொடை ஒன்றில் முடிவது நம் ஊர் வழக்கம் என்பதால் ஊகம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் இதே புத்தகத்தில் ஒருவர் 25 கொடுத்திருக்கிறார். அதோடு எது யாருடையது என்று அந்த 152 சொல்லாது.

அந்தப் புத்தகத்தின் 44ஆம் ரசீது அப்படி ஒரு எல்லையில் நிற்கிறது. எழுதும்போது கார்பன் மடிந்திருக்கிறது. தாளின் மேல்பாதியில் நிறமே விழவில்லை. கார்பன் மடிப்பு தடித்து நின்றதால் பள்ளமும் சரியாக விழவில்லை. எந்த நிறப் படத்திலும் பெயர் வரவில்லை. ஐந்தாம் பத்தில் மற்ற ஒன்பதும் தெளிவாக இருந்ததால் தொகை கிடைத்தது. 931இல் அவற்றைக் கழிக்க மிச்சம் 51. தேதியும் 43க்கும் 45க்கும் ஒன்றே என்பதால் அதுவும் தெரிகிறது. பட்டியலில் அந்த வரியில் ‘ரூ.51, பெயர் படிக்க இயலவில்லை’ என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு ரசீது எழுதிய தெரு எது என்பது 43, 45 இரண்டின் முகவரியிலும் இருக்கிறது. மேல்தாள் யார் வீட்டிலாவது கிடைக்குமா என்று செயலாளர் அந்தத் தெருவில் கேட்டுக்கொண்டிருக்கிறார். கல் வெட்டுபவரிடம் அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.